மணல் தட்டில் தூங்கி, பாயில் போகிற பூனைக்குட்டி

கேள்வி: பாளையங்கோட்டையில இருக்கோம். மூணு நாளைக்கு முன்னாடி ஒரு பூனைக்குட்டி எடுத்துட்டு வந்தோம். ஒன்றரை மாசம் இருக்கும்னு கொடுத்தவங்க சொன்னாங்க. கடையில பூனை கழிக்கிறதுக்குன்னு விக்கிற வாசனை லிட்டர் வாங்கி பெரிய டப்புல போட்டு வச்சிருக்கோம். குட்டி அதுல ஏறிப் படுத்துத் தூங்குது. ஒண்ணுக்கு, ரெண்டுக்கு எல்லாம் பாய்லயும் அங்கணத்துலயும்தான். மூக்கைப் பிடிச்சுத் தேய்ச்சா பழகிரும்னு பக்கத்து வீட்டுல சொல்லுதாங்க. நாத்தனார் பிரசவத்துக்கு வந்திருக்காங்க. அத்தை குட்டியைக் கொண்டுபோய் விட்டுரச் சொல்லுதாங்க. எப்படிப் பழக்குறது?

உங்கள் குட்டி ஏற்கெனவே பழக ஆரம்பித்துவிட்டது. பாய்க்கும் அங்கணத்துக்கும் பழகிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். மூன்று நாள் பழக்கம் என்பதால் எளிதில் மாறும். மூன்று வாரம் விட்டால் கொஞ்சம் கஷ்டம். அதனால் இன்றைக்கே ஆரம்பியுங்கள்.

நான் ஓய்வு பெற்ற கால்நடை மருத்துவன். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம்தான் என் சர்வீஸில் பெரும்பகுதி போனது. மாடு, ஆடு, கோழிதான் பிழைப்பு. பூனையைத் தூக்கிக்கொண்டு அரசு மருந்தகத்துக்கு வருகிறவர்கள் அந்தக் காலத்தில் அபூர்வம். பூனைகளின் உடம்பைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொண்டேன். பழக்கவழக்கத்தைக் கற்றுக்கொடுத்தவை என் வீட்டுத் தொழுவத்தில் பிறந்ததும், தெருவிலிருந்து வந்து சேர்ந்ததுமான குட்டிகள். அதனால் கீழே உடம்பு சம்பந்தமாகச் சொல்வதை உறுதியாகவே எடுத்துக்கொள்ளலாம். பழக்கம் சம்பந்தமாக இத்தனை நாள் என்று சொல்வதெல்லாம் என் கையில் வளர்ந்த குட்டிகளின் கணக்கு. உங்கள் குட்டி இரண்டு நாள் முன்னே பின்னே ஆகலாம்.

முதலில் வயதைச் சரிபாருங்கள். கொடுத்தவர்கள் சொல்லும் வயது பாதிக்குப் பாதி தப்பாக இருக்கும். மளிகைக்கடைத் தராசில் ஒரு பையோடு வைத்து எடை பாருங்கள். நாலு வாரக் குட்டி சுமார் 400 முதல் 450 கிராம், ஆறு வாரக் குட்டி 600 கிராமை ஒட்டி இருக்கும். தெருக்குட்டி மெலிந்திருந்தால் எடை ஏமாற்றும் என்பதால் வாயையும் திறந்து பாருங்கள். முன்னால் அரிசிக்குருணை மாதிரி சின்னப் பற்கள் மட்டும் இருந்தால் மூன்று நாலு வாரம். பின்பக்கம் கடைவாயிலும் பல் முளைத்திருந்தால் ஐந்து ஆறு வாரம் தாண்டிவிட்டது. இது ஏன் முக்கியம் என்றால், மூன்று வாரத்துக்குள் இருக்கும் குட்டிக்குத் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க வராது. தாய்ப்பூனை நக்கிவிட்டால்தான் வரும். தாய் இல்லாவிட்டால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால், ஒவ்வொரு தடவை பால் கொடுத்த பிறகும் நாம் தடவிவிட வேண்டும். அந்த வயதில் தட்டைப் பற்றிப் பேச்சே இல்லை. உங்களுடையது தானாக ஏறி இறங்கித் தானாகப் போகிறது. ஆகவே நாலு வாரம் தாண்டியதுதான்.

அந்த வயதில் குட்டிக்குள் ஒரு குணம் தானாக விழித்துக்கொள்கிறது. உதிரியாக, காலால் கிளறினால் விலகிக்கொடுக்கிற எதைப் பார்த்தாலும் முன்னங்காலால் பிறாண்டும். அங்கே குந்தும். பிறகு மூடும். தாய் இல்லாமல் புட்டிப்பாலில் வளர்ந்த குட்டிகளும் இதைச் செய்வதை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே ‘எப்படி’ என்பதை நீங்கள் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ‘எங்கே’ என்பதும் ‘எதன் மேல்’ என்பதும்தான் அதற்குத் தெரியாது. இந்தச் சில வாரங்களில் பாதத்துக்கு அடியில் எந்தத் தரை படுகிறதோ அதுவே அதற்குப் பிடித்த தரையாக உறைந்துபோகும். பாய் என்றால் பாய், ஈரச் சிமெண்ட் என்றால் ஈரச் சிமெண்ட். நீங்கள் செய்ய வேண்டிய வேலை முழுவதும், தட்டில் இருப்பதுதான் வீட்டிலேயே மிக நல்ல இடம் என்று அதன் பாதம் முடிவெடுக்கும்படி ஏற்பாடு செய்வது.

தட்டில் ஏன் தூங்குகிறது என்பதையும் இங்கே பார்த்துவிடலாம். புது வீட்டில் ஒண்டிக்கொள்ள இடம் இல்லாத குட்டி, மூன்று பக்கம் சுவர் இருக்கிற எதிலும் போய்ச் சுருண்டுகொள்ளும். உங்கள் டப்பு உயரமாக இருக்கிறது, உள்ளே மெத்தென்று இருக்கிறது, குட்டி அதைப் படுக்கை என்று நினைத்துவிட்டது. தான் படுக்கிற இடத்தில் பூனை போகாது. ஆகவே வேறு இடம் தேடிப் பாய்க்குப் போகிறது. ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, ஒரு பக்கம் குட்டி நுழையும் அளவு ஓட்டை வெட்டி, உள்ளே நீங்கள் கட்டிப் பழசான சேலைத் துண்டைப் போடுங்கள். துவைத்ததாக இருக்க வேண்டாம், உங்கள் வாடை இருக்கட்டும். படுக்கை கிடைத்ததும் பெரும்பாலும் அன்று இரவே தட்டை விட்டு இறங்கிவிடும்.

அடுத்தது அந்த வாசனை லிட்டர். அந்த வாசனை நம் மூக்குக்காகச் சேர்த்தது. பூனை மூக்குக்கு அது தாங்காது. கூடவே, கடையில் கிடைப்பதில் பெரும்பாலானவை ஈரம் பட்டால் கட்டியாகும் களிமண் வகை. இந்த வயதில் குட்டி எதையும் வாயில் போட்டுப் பார்க்கும். காலில் ஒட்டியதை நக்கும். கட்டியாகும் சரக்கு குடலுக்குள் போய்க் கட்டியாகக் கூடாதே என்றுதான் மூன்று மாதம் வரை அதைத் தவிர்க்கச் சொல்கிறோம். எல்லாக் குட்டிக்கும் அடைத்துவிடும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் வேறு வழி கையருகே இருக்கும்போது எதற்கு அந்த ஆபத்து? அந்தப் பையை எடுத்து வையுங்கள். குட்டி வளர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கையருகே இருக்கிற வழி மணல்தான். வீடு கட்டி மிஞ்சின ஆற்று மணல் யார் வீட்டு மூலையிலாவது இருக்கும். மூன்று நாலு கிலோ போதும். கல்லும் சிப்பியும் போகச் சலித்து, நன்றாகக் கழுவி, பழைய இரும்புச் சட்டியில் போட்டு, கடலை வறுக்கிற மணல் மாதிரி கை வைக்க முடியாத சூடு வரும் வரை வறுத்து ஆற வையுங்கள். வெயிலில் மட்டும் காயப்போட்டால் போதாதா என்று கேட்பீர்கள். வெளியே கிடந்த மணலில் தெருப்பூனைகள் போயிருக்கும். பூனைக்குட்டிகளைக் கூண்டோடு கொண்டுபோகிற பார்வோ வகை வைரஸ் மண்ணில் பல மாதம் சாகாமல் கிடக்கும். இரண்டு நாள் வெயிலை நம்ப முடியாது. எம்-சாண்ட் வேண்டாம், தூசு கிளம்பும், விளிம்பு கூர்மை. திருச்செந்தூர்ப் பக்கத்துத் தேரி மணல் நைஸாகத்தான் இருக்கும், குட்டிகளுக்கும் பிடிக்கும், ஆனால் வீடு பூராவும் சிவப்புக் கால்தடம் பதியும், அத்தை இன்னும் கோபப்படுவார்கள். அடுப்புச் சாம்பல் நம் பக்கம் பலர் வைக்கிற பொருள். சாம்பல் ஈரமானால் காரம் ஏறும், பிஞ்சுப் பாதமும் அதை நக்குகிற நாக்கும் புண்ணாகும். அதனால் அது வேண்டவே வேண்டாம். மரத்தூளை நானே ஒரு தடவை போட்டுப் பார்த்தேன். தச்சுப் பட்டறையிலிருந்து ஒரு சாக்கு கொண்டுவந்து வைத்தேன். குட்டி இரண்டு நாள் தும்மித் தீர்த்தது.

தட்டு தாழ்வாக இருக்க வேண்டும். உங்கள் டப்பை இப்போதைக்குத் துணி நனைக்க வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அடிக்கு ஒன்றேகால் அடி பரப்பில், ஏறும் பக்கம் மூன்று விரல் உயரத்துக்கு மேல் இல்லாத பிளாஸ்டிக் தட்டு போதும். பழைய சமையல் எண்ணெய் கேனைப் படுக்கப்போட்டு மேல்பக்கத்தை வெட்டி, வெட்டின விளிம்பைத் துணி நாடா ஒட்டி மழுக்கினாலும் சரி. மணல் இரண்டு விரல் ஆழம். அதற்குக் குறைந்தால் தோண்டும்போது தட்டின் அடி தட்டுப்பட்டு, குட்டிக்கு இது மண் இல்லை என்று ஆகிவிடும்.

இனி இடம். நம் பக்கத்துப் பழைய வீடுகள் நீளம். தார்சா, பட்டாசல், அடுக்களை, அங்கணம், புறவாசல் என்று ரயில் பெட்டி மாதிரி போகும். பட்டாசலில் விளையாடுகிற குட்டிக்கு அவசரம் வரும்போது, அடுக்களைக்குப் பின்னால் இருக்கிற தட்டு ஞாபகம் வராது. ஞாபகம் வந்தாலும் அது வரை அடக்க வராது. நம் வீட்டுக் குழந்தை இரண்டு வயதில் செய்கிறதைத்தான் இதுவும் செய்கிறது. ஆகவே முதல் ஒரு வாரம் குட்டிக்கு ஒரே ஒரு சின்ன அறை, அல்லது அறையின் ஒரு மூலையைப் பலகை வைத்து மறைத்த இடம். பத்துக்கு எட்டு அடி போதும். ஒரு மூலையில் தட்டு, எதிர் மூலையில் படுக்கைப் பெட்டி, அதன் பக்கத்தில் சாப்பாடும் தண்ணீரும். சாப்பாட்டுக்கும் தட்டுக்கும் நாலடியாவது இடைவெளி விடுங்கள். கிரைண்டர், வாஷிங் மெஷின் பக்கம் தட்டு வேண்டாம். குந்தியிருக்கிற நேரத்தில் ஒரு தடவை கிரைண்டர் ஓடினால் போதும், அந்த மூலைக்கே அது திரும்பாது. அந்த அறையில் பாய், ஜமுக்காளம், துணி மூட்டை, கால் மிதியடி எதுவும் தரையில் இருக்கக் கூடாது. பாயைச் சுருட்டிச் சுவரோரம் நிறுத்துங்கள். குட்டியை அடைத்து வைக்கிறோமே என்று மனசு கஷ்டப்பட வேண்டாம். அவ்வளவு சின்ன உயிருக்கு அவ்வளவு சின்ன இடம் தைரியம் கொடுக்கும். பகலில் நீங்கள் கூட இருந்து விளையாடுங்கள், தனியாக விட்டால்தான் கத்தும்.

அங்கணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஈரம், சாக்கடை வாடை, ஏற்கெனவே இரண்டு தடவை தான் போன வாடை, எல்லாம் சேர்ந்து குட்டியை இழுக்கும். அந்தப் பக்கம் கதவு இருந்தால் சாத்துங்கள், இல்லாவிட்டால் ஒரு பலகையைக் குறுக்கே வைத்துக் கல் சாத்துங்கள். மூன்று வாரம் குட்டி அங்கணத்தைப் பார்க்கவே கூடாது.

பழக்கும் முறைக்கு ஒரு நேரக் கணக்கு இருக்கிறது. வயிற்றுக்குள் சாப்பாடு போனதும் குடல் அசையும். குட்டி சாப்பிட்ட பத்து, பதினைந்து நிமிடத்தில் அநேகமாக மலம் வரும். தூங்கி எழுந்ததும் சிறுநீர் வரும். ஓடி விளையாடி நின்றதும் வரும். இந்த மூன்று வேளையும் நீங்கள் குட்டியைத் தூக்கித் தட்டில் இறக்கிவிட வேண்டும். இந்த வயதில் நாளைக்கு நாலைந்து வேளை கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாடு கொடுப்பதால், தூக்கமும் சேர்த்தால் நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை வரும். முதல் நாலு நாள் இந்தத் தொந்தரவு உண்டு. சாப்பாட்டு வேளையை நீங்கள் ஒழுங்காக வைத்தால் தட்டுக்குப் போகிற வேளையும் ஒழுங்காகும். நாள் முழுக்கக் கிண்ணத்தில் சோற்றைப் போட்டே வைத்தால் இந்தக் கணக்கு கெட்டுவிடும்.

தட்டில் விட்டதும் அதன் காலைப் பிடித்துத் தோண்ட வைக்காதீர்கள். நிறையப் பேர் அப்படிச் சொல்வார்கள். பாதத்தைப் பிடிப்பது பூனைக்குப் பிடிக்காத விஷயம், அந்தக் கோபம் தட்டின் மேல் போகும். உங்கள் விரலாலோ ஒரு குச்சியாலோ மணலைச் சரசரவென்று கிளறுங்கள். சத்தம் கேட்டு அதுவே வந்து கிளறும். இரண்டு நிமிடத்தில் இறங்கிப் போனால் விட்டுவிடுங்கள், பத்து நிமிடம் கழித்து மறுபடி விடுங்கள். மணலில் கழித்து முடித்ததும் மெல்ல முதுகைத் தடவி, வேண்டுமானால் துளி வேகவைத்த கோழி கொடுங்கள். குந்தி இருக்கும்போது பேசவும் தொடவும் வேண்டாம்.

நடுவில் அது தரையை முகர்ந்துகொண்டே மூலைக்குப் போனால், வட்டம் போட்டால், வெறும் தரையைப் பிறாண்டினால், அப்போது சத்தமில்லாமல் தூக்கித் தட்டில் வையுங்கள். ஏற்கெனவே குந்திவிட்டால் தூக்காதீர்கள், முடிக்கட்டும். பிறகு மலத்தைக் காகிதத்தில் எடுத்துத் தட்டு மணலில் லேசாகப் புதையுங்கள். சிறுநீர் என்றால் துடைத்த காகிதத் துண்டைத் தட்டில் ஒரு நாள் விடுங்கள். அந்த வாடைதான் அடுத்த தடவைக்கு அடையாளம். பக்கத்து வீட்டு யோசனையை மட்டும் மறந்துவிடுங்கள். மூக்கைத் தேய்த்தால், ‘இந்த ஆள் முன்னால் போனால் அடி விழும்’ என்று மட்டும் அது கற்றுக்கொள்ளும். அப்புறம் பீரோவுக்குப் பின்னால், நீங்கள் பார்க்காத இடத்தில் போகும். பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறபோதுதான் காய்ந்துபோய்க் கண்டெடுப்பீர்கள்.

தப்பிப் போன இடத்தைக் கழுவுவதில்தான் பலர் குட்டிக்கு விஷம் வைக்கிறார்கள், தெரியாமலேயே. நம் வீடுகளில் அசுத்தம் என்றால் உடனே பினாயில். கறுப்பு பினாயிலில் பீனால் வகைப் பொருட்கள் உண்டு, வெள்ளையில் பெரும்பாலும் பைன் எண்ணெய். நம் ஈரலில் இந்தப் பொருட்களை முறித்து வெளியேற்ற ஒரு வேலை நடக்கிறது. பூனை ஈரலில் அந்த வேலை மிகக் குறைவு. பாரசிட்டமால் மாத்திரை ஒன்றே பூனையைக் கொன்றுவிடுவதும் இதே காரணத்தால்தான். பினாயில் துடைத்த தரையில் குட்டி நடக்கும், பிறகு பாதத்தை நக்கும். எச்சில் ஒழுகுவது, வாய்க்குள் புண், தள்ளாட்டம் என்று ஆரம்பிக்கும். அதேபோல, பூனை போகிற மூலையில் அந்துருண்டை போட்டால் வராது என்பார்கள். அதுவும் நஞ்சு. கற்பூரமும் அப்படியே. தப்பின இடத்தை முதலில் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். சாதாரண சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, பிறகு வினிகரும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றிக் கால்மணி நேரம் விட்டுத் துடையுங்கள். செல்லப்பிராணிக் கடையில் கிடைக்கும் என்சைம் கிளீனர் இருந்தால் இன்னும் நல்லது, சிறுநீர் வாடையை வேரோடு எடுப்பது அதுதான். பிளீச்சிங் பவுடர் வேண்டாம், சிறுநீரோடு சேர்ந்தால் மூச்சை அடைக்கிற வாயு வரும். பாயைப் பொறுத்தவரை, கோரைக்குள் இறங்கின சிறுநீரை முழுக்க எடுப்பது கடினம். கழுவி இரண்டு பக்கமும் வெயில் காட்டி, குட்டி பழகி முடிகிற வரை மச்சில் ஏற்றிவிடுங்கள். அது நல்ல பத்தமடைப் பாய் என்றால் முதல் வேலையாக.

தரை விஷயம் எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு வீட்டுக் கதை சொல்கிறேன். முக்கூடல் பக்கம் பீடி சுற்றுகிற ஒரு அக்கா வீடு. ஆறு வாரக் குட்டி, எடை 560 கிராம். தட்டு, மணல் எல்லாம் சரியாகத்தான் வைத்திருந்தார்கள். குட்டி ஒரு நாளும் தட்டில் போகவில்லை. தினமும் பட்டாசல் மூலையில், இலை வெட்டி ஒதுக்குகிற கழிவு இலைக் குவியலில்தான். ‘சார், நாலு பேரு சோறு திங்கிற தொழிலு, இது வந்து இலையில இருந்துட்டுப் போகுது’ என்று அந்த அக்கா அழாத குறை. எனக்குப் பார்த்ததும் புரிந்தது. உதிரியான, காய்ந்த, பிறாண்டினால் சரசரக்கிற குவியல். அந்தக் குட்டியின் கண்ணில் அதைவிட நல்ல தட்டு இருக்க முடியாது. அதோடு சுளகில் இருக்கிற தூள் பக்கம் குட்டி போவதே ஆபத்து, புகையிலையில் ஒரு சிட்டிகை போனாலும் குட்டி தாங்காது.

முதல் நாள் கழிவு இலையை எல்லாம் மூடி போட்ட டின்னுக்கு மாற்றினோம். குட்டியை மச்சுப்படிக்கு அடியில் இருந்த சின்ன அறைக்குக் கொண்டுபோனோம். தட்டு மணலின் மேல், தூள் படாத வெறும் இலைக் கழிவு இரண்டு கைப்பிடி தூவினோம். அன்று சாயங்காலம் சாப்பிட்ட பன்னிரண்டாவது நிமிடம் குட்டி தட்டில் போனது. இரண்டாம், மூன்றாம் நாள் தப்பே இல்லை. நாலாம் நாளிலிருந்து இலையை ஒரு கைப்பிடி ஆக்கினோம், ஆறாம் நாள் அரைக் கைப்பிடி. ஐந்தாம் நாள் மட்டும் திரும்பவும் வாசற்படியில் போனது. விசாரித்தால், வீட்டுப் பையன் தட்டைச் சுத்தமாகக் கழுவுகிறேன் என்று வாசனைச் சோப்பு போட்டுத் தேய்த்து, பழைய மணலை மொத்தமாகக் கொட்டிப் புது மணல் போட்டிருக்கிறான். குட்டிக்கு அது வேறு யாருடைய தட்டோ. பழைய மணலில் ஒரு கைப்பிடி எடுத்துப் புது மணலில் கலந்ததும் சரியானது. ஒன்பதாம் நாள் இலை இல்லாமல் மணலில் மட்டும் போனது. பத்தாம் நாள் பட்டாசலைத் திறந்துவிட்டார்கள்.

உங்கள் வீட்டிலும் இதே வழியைச் செய்யலாம். குட்டி பாயை விடவே இல்லை என்றால், கிழிந்த பாயின் ஒரு சாண் துண்டைத் தட்டு மணலின் மேல் போட்டு, இரண்டு நாளுக்கு ஒரு தடவை சின்னதாக வெட்டிக் குறையுங்கள். மணலைத் தினமும் இரண்டு தடவை கரண்டியால் அள்ளிக் கழிவை எடுத்துவிட்டு, குறைந்த அளவுக்கு மட்டும் புது மணல் சேருங்கள். வாரம் ஒரு தடவை மாற்றும்போது பழைய மணலில் ஒரு கைப்பிடியை மீதம் வையுங்கள். தட்டைச் சுடுதண்ணீரால் கழுவி வெயிலில் காயவைத்தால் போதும். ஐப்பசி, கார்த்திகை மழையில் மணல் காயாமல் நசநசவென்று கிடக்கும். அப்போது குட்டி தட்டை வெறுக்கும். வறுத்த மணலில் இன்னொரு தட்டு அளவு மூடி போட்ட வாளியில் எப்போதும் இருக்கட்டும்.

இத்தனையும் செய்து ஒரு வாரம் ஆகியும் சரியாகவில்லை என்றால், பழக்கத்தை விட்டுவிட்டு உடம்பைப் பாருங்கள். தளர்வாகப் போகிற குட்டிக்குத் தட்டு வரை ஓட நேரம் இருக்காது. இதற்கு முதல் காரணம் பசும்பால். பாலும் சோறும்தான் பூனைச் சாப்பாடு என்பது நம் பழக்கம், தாய்ப்பாலை விட்ட குட்டிகள் பலவற்றுக்குப் பசும்பால் செரிக்காது. நிறுத்தினாலே இரண்டு மூன்று நாளில் இறுகும். இரண்டாவது காரணம் புழு. உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானை மாதிரி இருந்தால் அநேகமாக அதுதான். தெருவிலிருந்து வந்த குட்டிக்குப் புழு இல்லை என்றால்தான் ஆச்சரியம். எடைக்கு ஏற்ற மருந்தை மருத்துவர் கொடுக்கட்டும். நம் வீட்டில் பிள்ளைகளுக்கு வாங்கின மருந்தைக் கண் அளவில் ஊற்றாதீர்கள். ரத்தம் கலந்து போனாலோ, வாந்தியோடு சுருண்டு கிடந்தாலோ, ஒரு நாள் முழுக்கச் சிறுநீரே போகாவிட்டாலோ, குந்திக் குந்தி முக்கிக் கத்தினாலோ அன்றைக்கே கொண்டுபோங்கள். உங்களுக்கு ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி பக்கம்தான். தடுப்பூசியையும் அங்கேயே பேசிக்கொள்ளலாம், ஆறு முதல் எட்டு வாரத்தில் ஆரம்பிப்பது வழக்கம்.

அத்தையின் பயத்துக்கு வருகிறேன். அதில் நியாயம் இருக்கிறது, அதைச் சிரித்துத் தள்ளாதீர்கள். டாக்சோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனை மலத்தில் வரும். கர்ப்பிணிக்கு முதல் தடவையாகத் தொற்றினால் வயிற்றுப் பிள்ளைக்குக் கெடுதல் வரலாம். இதில் நிச்சயமாகத் தெரிந்த இரண்டு சங்கதிகள் நமக்குச் சாதகம். ஒன்று, பூனை தன் வாழ்நாளில் பெரும்பாலும் முதல் தொற்றின்போதுதான், ஒன்று முதல் மூன்று வாரம் வரை, அதை வெளியேற்றும். இரண்டு, வெளியே வந்த உடனே அது தொற்றாது. ஒரு நாள் முதல் ஐந்து நாள் கிடந்து முதிர்ந்த பிறகுதான் தொற்றும். தட்டை நீங்கள் அன்றன்றைக்கு அள்ளிவிட்டால் முதிரவே இடம் இல்லை. ஆனால் குட்டி இப்போதுதான் வெளியுலகத்துக்கு வந்திருக்கிறது, முதல் தொற்று வருகிற வயதே இதுதான் என்பதையும் மறைக்க மாட்டேன். அதனால் நாத்தனார் தட்டையும் தப்பின இடத்தையும் தொடவே கூடாது. பழக்குகிற இந்த நாட்களில் குட்டி அவர் படுக்கிற அறைக்குள் போக வேண்டாம். நீங்கள் கையுறை போட்டு அள்ளி, சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அள்ளினதைச் செடிக்குப் போடாமல் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். சரியாக வேகாத கறியிலிருந்தும் கழுவாத கீரையிலிருந்தும் இதே ஒட்டுண்ணி வரும் என்பதையும் அத்தையிடம் சொல்லுங்கள். நாத்தனாரைப் பார்க்கிற மகப்பேறு மருத்துவரிடம் வீட்டில் பூனைக்குட்டி இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால், தேவைப்பட்டால் ரத்தம் பார்ப்பார். அவர் சொல்வது என் பேச்சுக்கு மேல்.

தொடர்ந்து நாலு நாள் தப்பு இல்லை என்றால் அடுத்த ஒரு அறையைத் திறங்கள், ஒரே அறை மட்டும். திறந்த அன்று அந்த அறையிலும் ஒரு தட்டு வையுங்கள். அங்கே தப்பினால் கோபப்படாமல் மறுபடி பழைய அறை, இன்னும் மூன்று நாள். இப்படிப் பையப் பையத் திறந்து வந்தால் மூன்று வாரத்தில் தார்சா வரை வந்துவிடும். மச்சிலிருந்து பாயைக் கடைசியாக இறக்குங்கள். முதல் சில நாள் நீங்கள் படுக்கும்போது மட்டும் விரித்து, எழுந்ததும் சுருட்டிவிடுங்கள்.